300 இருந்தா நிம்மதியா தூங்குவேன்

டீச்சர் மாட்டியது மருந்துக்கடை பில்லில்தான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கும் தமிழாசிரியை, வயது 58, சர்க்கரை நோய் வந்து 16 வருடம். நான் சர்க்கரை நோய் ஆலோசகராக வேலை செய்யும் கிளினிக்கில் எல்லோருமே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சீட்டில் எழுதியிருந்த மருந்து இதுதான்: கலப்பு இன்சுலின் காலையில் 24 யூனிட், இரவு 20 யூனிட், கூடவே மெட்ஃபார்மின், இரவில் கிளிமெபிரைடு மாத்திரை. ஹெச்பிஏ1சி 10.8. அதாவது மூன்று மாத சராசரி சர்க்கரை ஏறத்தாழ 263.

வருமான வரிக்கோ எதற்கோ பில்களை எல்லாம் ஒரு கவரில் சேர்த்து வைத்திருந்தார், ரிப்போர்ட்டைத் தேடும்போது அதுவும் சேர்ந்து மேசைமேல் கொட்டியது. மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினில் ஒரு குப்பி 10 மில்லி, மொத்தம் 400 யூனிட். நாளுக்கு 44 யூனிட் போட்டால் ஒன்பது நாளில் தீர்ந்துவிடும், மாதத்துக்கு மூன்று குப்பிக்கு மேல் வேண்டும். பில்லில் மாதம் இரண்டு குப்பிதான் இருந்தது, ஆறு மாதமாக அதே கணக்கு. வேறு கடையிலும் வாங்குவீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "காலைல 20 போடறேன் சிஸ்டர், ராத்திரி 6 தான் போடறேன்" என்றார். 26 யூனிட். குப்பிக் கணக்கும் அதற்குச் சரியாக இருந்தது.

இதில் கவலைப்பட வேண்டிய விஷயம் சர்க்கரை ஏறியது மட்டும் இல்லை. ஒவ்வொரு முறை ஹெச்பிஏ1சி கூடும்போதும், சொன்ன மருந்தைப் போட்டும் குறையவில்லையே என்று நினைத்து டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். 16-இல் தொடங்கிய இரவு டோஸ் இப்படித்தான் 20 ஆனது. டீச்சர் ஒருநாள் காய்ச்சல் என்று ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் படுத்து, அங்கே நர்ஸ் சீட்டைப் பார்த்து 20 யூனிட்டையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருக்கும், அவர் எதைக் கண்டு பயந்தாரோ அதுவே நடந்திருக்கும். மறைத்துக் குறைப்பவர்களின் சீட்டில் இருக்கும் டோஸ் பெரும்பாலும் அவர்கள் உடம்பு தாங்கக்கூடிய டோஸ் இல்லை. அதனால் பயந்து சர்க்கரையை ஏற்றி வைத்திருப்பவரைக் கண்டுபிடித்தால் முதல் வேலை, உண்மையில் எவ்வளவு போடுகிறார் என்று தெரிந்துகொண்டு அங்கிருந்து தொடங்குவது.

ஆனால் நான் செய்த முதல் வேலை அது இல்லை. கால் புண், விரல் எடுத்த கால், கண்ணுக்குள் ரத்தக்கசிவு என்று படங்கள் வைத்திருக்கும் கோப்பை எடுத்துக் காட்டினேன். "இப்படியே போனா இதுதான் டீச்சர்" என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார், தலையாட்டினார், போனார், இரண்டு மாதம் வரவில்லை. பத்து வருடம் கழித்து வரப்போகும் கால் புண்ணும் இன்று ராத்திரி சர்க்கரை இறங்கி வரக்கூடிய லோவும் ஒரே தராசில் நிற்காது. ராத்திரிதான் ஜெயிக்கும். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

மறுபடி வந்தபோது படத்தை எடுக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டேன். "ராத்திரி படுக்கும்போது சுகர் எவ்வளவு இருந்தா நிம்மதியா தூங்குவீங்க?" யோசிக்கவே இல்லை. "300 இருந்தா நிம்மதியா தூங்குவேன். 250க்குக் கீழ இருந்தா எழுந்து ஏதாவது சாப்பிட்டுடுவேன்." சர்க்கரை போட்ட பால், நான்கு பிஸ்கட், சில நாள் லட்டு. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்ப்பாராம். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஏறும் முன் ஒரு மிட்டாய், வகுப்புக்குள் நுழையும் முன் இன்னொன்று. கிளினிக்குக் கொண்டுவரும் நோட்டுப் புத்தகத்தில் இரவு 160, 170 என்று எழுதியிருந்ததெல்லாம் எங்களுக்காக எழுதியது.

தாழ்சர்க்கரைப் பயம் என்று இதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் காக்ஸ் குழுவினர் 1987-இலேயே இதை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது, அதை இரண்டாகப் பிரித்திருப்பதுதான். பயத்தால் என்ன செய்கிறீர்கள் என்பது ஒரு பாதி, எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்பது இன்னொரு பாதி. நாம் வழக்கமாக இரண்டாவதை மட்டும் கேட்கிறோம், அதுவும் "பயமா இருக்கா?" என்று. யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். "படுக்கும் முன் என்ன சாப்பிடுவீங்க, எதுக்கு?" என்று கேட்டால் தானாக வரும்.

சரி, டீச்சருக்கு இந்தப் பயம் தொடங்கிய ராத்திரிக்கு வருவோம்.

நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு பௌர்ணமி. டீச்சரும் கணவரும் திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கிறார்கள். 14 கிலோமீட்டர், வெறுங்கால், மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு மேல் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் வழக்கமான இரவு டோஸ் 16 யூனிட், கிளிமெபிரைடு. களைப்பில் இரண்டு இட்லியோடு படுத்துவிட்டார். இரண்டரை மணிக்குக் கணவர் எழுந்து பார்த்தபோது புடவை நனைந்து உடம்பெல்லாம் வியர்த்துக் கிடந்திருக்கிறது, கூப்பிட்டால் குழறல்தான். பிறகு அதுவும் இல்லை. 108 ஆம்புலன்ஸ் வந்து பார்த்தபோது சர்க்கரை 34. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது சொன்னது: "நேரத்துக்குச் சாப்பிடுங்க." டோஸில் யாரும் கை வைக்கவில்லை.

ஏன் நடந்தது என்பதை அவருக்கு யாருமே விளக்கவில்லை என்பதுதான் நான்கு வருடம் இதை இழுத்தது. காரணம் தெரியாத ஆபத்து எந்த ராத்திரியும் வரலாம். காரணம் தெரிந்தால் அது சில ராத்திரிகளுக்கு மட்டும் உரியதாகிவிடும். எனவே ஒரு தாளில் கோடு போட்டு அந்த ராத்திரியை மணிக்கணக்காக எழுதினோம். அவர் போட்ட கலப்பு இன்சுலினில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக வேலை செய்வது. அந்த மெதுவான பங்கு போட்டதிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்கு வரும். எட்டு மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவு தாண்டி, வயிற்றில் எதுவும் இல்லாத நேரத்தில். அதன்மேல் கணையத்தைப் பிழிந்து இன்சுலின் எடுக்கும் கிளிமெபிரைடு. நான்கு மணி நேரம் நடந்த தசைகள் தாங்கள் செலவழித்த சர்க்கரையை இரவெல்லாம் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே போனதோ இரண்டு இட்லி.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அன்னைக்கு இது வந்தே தீரணும் இல்ல சிஸ்டர்?" என்றார். ஆமாம் டீச்சர், வந்தே தீரும் ராத்திரிதான் அது என்றேன். அவர் முகத்தில் அன்றுதான் முதல் முறையாக இறுக்கம் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருடம் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். மகள் சென்னையில். இரண்டரை மணிக்கு எழுந்து பார்க்க இப்போது வீட்டில் ஆள் இல்லை. டோஸைக் குறைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இதைக் கேட்ட பின் இவர் பயம் மிகையானது என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தனியாகத் தூங்கும் ஒருவர், உச்சம் நள்ளிரவில் வரும் மருந்து, காரணமே இல்லாமல் ஏறிக்கொண்டு போகும் டோஸ். நானாக இருந்தாலும் குறைத்திருப்பேன்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது தொப்புளுக்கு வலப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ரப்பர் மாதிரி ஒரு கட்டி. வலிக்காத இடம் என்று வருடக்கணக்கில் அதிலேயே குத்தியிருக்கிறார். அப்படிப்பட்ட கட்டியில் போட்ட இன்சுலின் ஒருநாள் தேங்கி நிற்கும், ஒருநாள் சட்டென்று இறங்கும். ஒரே டோஸ், ஒரே சாப்பாடு, ஒருநாள் 310, ஒருநாள் 140 என்று அவர் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: கட்டியை விட்டுப் புது இடத்தில் குத்தத் தொடங்கினால் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படும், அதே டோஸ் திடீரென்று அதிகமாகிவிடும். டாக்டரிடம் சொல்லாமல் இடம் மாற்றுவது புதுசாக ஒரு லோவை வரவழைக்கும் வழி.

டாக்டரிடம் பில் கணக்கு முழுவதையும் டீச்சரே சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் திட்டவில்லை (திட்டக்கூடாது என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்). 44-ஐ மறந்துவிட்டு 26-ஐ வைத்துக் கணக்குப் போட்டார். கலப்பு இன்சுலினும் கிளிமெபிரைடும் நின்றன. நாள் முழுக்கச் சமமாக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின், ஊசிப் பேனாவில், காலையில் 16 யூனிட். இதற்குப் பெரிய உச்சம் கிடையாது, காலையில் போட்டால் நள்ளிரவு தாண்டும்போது அதன் வேகம் ஏறுவதற்குப் பதில் தணிந்துகொண்டிருக்கும். பழைய சிவப்பு மூடி ஊசிகள் எல்லாவற்றையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவை 40 யூனிட் குப்பிக்கு அளந்தவை. பேனாவில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்து. பேனா மக்கர் பண்ணுகிறது என்று அந்த ஊசியால் உறிஞ்சி 10 கோடு போட்டால் உள்ளே போவது 25 யூனிட். இப்படி நடந்து பார்த்திருக்கிறேன். இந்த டோஸ் கணக்கெல்லாம் அவருக்குப் போட்டது, படிப்பவர்கள் யாரும் எடுத்துக் கையாள வேண்டாம்.

மருந்து மாறியது. பயம் மாறவில்லை. அது மருந்தோடு போகும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

புது மருந்து ஆரம்பித்து பத்து நாள் இருக்கும், காலை பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். நெற்றி முழுக்க வியர்வை, கை நடுக்கம், வாயில் மிட்டாய், கையில் இன்னும் நான்கு. "லோ ஆயிடுச்சு சிஸ்டர்." விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினோம். கழுவாமல் குத்தினால் மிட்டாய் ஒட்டிய விரலில் பொய்யாக ஏறிக் காட்டும். 118.

நடிப்பு இல்லை, அந்த நடுக்கம் நிஜம். மூன்று வருடமாக 260-லேயே இருந்த உடம்புக்கு அதுதான் வழக்கமான அளவு. அங்கிருந்து இறங்கினால் 'குறைகிறது' என்று முன்கூட்டியே மணி அடிக்கும். 1988-இல் வந்த ஓர் ஆய்வில், சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தவர்களுக்கு லோ அறிகுறி சராசரியாக 78-லேயே வந்துவிட்டது, நோய் இல்லாதவர்களுக்கு 53-இல்தான் வந்தது. 118 என்பது அதற்கும் மேலே, அங்கே மீதியைச் செய்வது பயம். படபடப்பு, வியர்வை, நடுக்கம் எல்லாம் அட்ரினலின் வேலை. லோவிலும் அதே அட்ரினலின், பயத்திலும் அதே அட்ரினலின். உடம்பை மட்டும் கேட்டால் எது எது என்று அது சொல்லாது. சில வாரம் சர்க்கரை மெல்ல இறங்கி அங்கே நிலைத்தால் அந்த மணி அடிக்கும் அளவும் கீழே இறங்கும். இடையில் ஒவ்வொரு மணிக்கும் மிட்டாய் போட்டால் அது இறங்காது.

அன்று ஆரம்பித்ததுதான் 'முதலில் ஊகம், பிறகு குத்து' என்ற பழக்கம். இதுவும் வர்ஜீனியா குழுவினரின் பயிற்சி முறையில் இருப்பதுதான். லோ மாதிரித் தோன்றினால், குத்தும் முன் எவ்வளவு இருக்கும் என்று நோட்டில் எழுத வேண்டும், உடம்பில் என்ன தெரிகிறது என்று ஒரு வார்த்தை, பிறகு மீட்டர் காட்டியதைப் பக்கத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஓர் ஒப்பந்தம் போட்டோம். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம், மறுபடி குத்து. 70-க்கும் 100-க்கும் நடுவில் இருந்து அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம். 100-க்கு மேல் இருந்தால் எதுவும் சாப்பிடக்கூடாது, உட்கார்ந்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மீட்டர் கையில் இல்லாமல் அறிகுறி வந்தால் யோசிக்காமல் குளுக்கோஸ் போட்டுவிட வேண்டும், அதில் விவாதம் கிடையாது.

முதல் இரண்டு வாரத்தில் பதினோரு முறை 'லோ' என்று எழுதியிருந்தார். ஊகம் 60, 55, 65. மீட்டர் காட்டியதில் மிகக் குறைந்தது 104. அந்தப் பக்கத்தை நான் எதுவும் சொல்லாமல் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தமிழாசிரியை, விடைத்தாள் திருத்துகிற கண். சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினொன்றுக்கும் தப்பு போட்டார்.

படுக்கும் நேரத்துக்கு ஓர் ஏணி வைத்தோம். நேராக 150-க்குப் போகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், சொல்லவும் கூடாது. நாள்பட்ட உயர் சர்க்கரையை வேகமாகக் குறைத்தால் விழித்திரைக் கோளாறு சிலருக்குத் தற்காலிகமாக மோசமாகும், கால் நரம்பு வலி பொறுக்க முடியாமல் கிளம்பும். அதனால் கண்ணை முதலில் காட்டச் சொன்னோம், விழித்திரையில் ஆரம்பநிலைக் கசிவு இருந்தது. முதல் படி 250: அதற்கு மேல் இருந்தால் பாலும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. இரண்டு வாரத்தில் பத்து இரவாவது அப்படித் தூங்கியிருந்தால்தான் அடுத்த படி. பிறகு 220, 200, 180, 160. நாள் கணக்கை அவரே வைத்துக்கொண்டார். 200-இல் ஐந்து வாரம் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

தனியாகத் தூங்குவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும், அதை மனத்தைத் தேற்றிச் சரிக்கட்ட முடியாது. குளுக்கோஸ் பவுடரை மளிகைக்கடைத் தராசில் 15 கிராமாக நிறுத்து மூன்று பொட்டலம், மூடி போட்ட டம்ளரில் தண்ணீர், மீட்டர், மூன்றும் தலைமாட்டில். லட்டு எதற்கு வேண்டாம் என்றால், நெய் இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும், அதற்குள் பயத்தில் நான்கு உள்ளே போய்விடும், ஒரு மணி நேரம் கழித்து 350. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி. காலை ஐந்தரைக்கு மகளுக்கு மிஸ்டு கால். ஆறு மணிக்குள் வராவிட்டால் மகள் எதிர்வீட்டுக்குப் போன் செய்வார். அந்த அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தோம்: விழிப்பு இருந்தால் குளுக்கோஸ் தண்ணீர், விழுங்க முடியாமல் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த ஏற்பாட்டை நான் பெரிதாக நினைக்கவில்லை, ஆனால் எதனால் தூக்கம் வந்தது என்று பிற்பாடு கேட்டபோது டீச்சர் முதலில் சொன்னது அந்த மிஸ்டு காலைத்தான்.

இரண்டாம் மாதம், சர்க்கரையை விடாமல் அளந்து காட்டும் ஒரு சென்சாரை 14 நாளுக்கு ஒட்டினோம், மேற்கையில், 90-க்குக் கீழே போனால் அலாரம். முதல் ஐந்து இரவும் மிகக் குறைந்தது 161. ஆறாவது இரவு மூன்று மணிக்கு அலாரம் அடித்தது, திரையில் 58. எனக்கு அந்தக் கதையைக் காலையில்தான் சொன்னார். கை குளுக்கோஸ் பொட்டலத்தில் இருந்ததாம், பிரிக்கும் முன் ஒப்பந்தம் ஞாபகம் வந்து விரலைக் குத்தினார். 141. சென்சார் ஒட்டிய கையின் மேல் படுத்திருக்கிறார். அழுத்தம் விழுந்தால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து பொய்யாக இறங்கிக் காட்டும், புரண்டு படுத்தால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தப்பு. பயந்தவருக்குச் சென்சார் ஒட்டும் எவரும் அழுத்தப் பொய்லோவை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தக் கருவியே நோயாகிவிடும். எங்கள் அதிர்ஷ்டம், குத்துவது அதற்குள் பழகியிருந்தது.

உண்மையில் எல்லாம் திரும்பியது நான்காவது மாதத்தில், ஒரு நிஜ லோவில். அதற்குள் கிளார்ஜின் வாரத்துக்கு 2 யூனிட் வீதம் 22-க்கு வந்திருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் 4 யூனிட் விரைவு இன்சுலின் சேர்ந்திருந்தது. பள்ளியில் ஆய்வு நாள். மதியம் ஊசி போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறார், தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. பாதிச் சாப்பாட்டோடு போனவர் இரண்டரைக்குத்தான் திரும்பினார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்ததும் உதட்டைச் சுற்றி மரத்துப்போன மாதிரி, நோட்டில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிற மாதிரி. ஊகம்: 65. மீட்டர்: 66. பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். 15 நிமிடத்தில் 94. மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுத்தார்.

அன்று சாயங்காலம் போனில் வந்த குரல் வேறு மாதிரி இருந்தது. "சிஸ்டர், வந்துச்சு. நானே பாத்துக்கிட்டேன்." நான்கு வருடமாக அவருக்குத் தெரிந்த லோ ஒன்றே ஒன்றுதான், தூக்கத்தில் வந்தது, முடிவு ஆம்புலன்ஸில். விழித்திருக்கும்போது வரும் சின்ன லோ எப்படி இருக்கும், எவ்வளவு நேரத்தில் சரியாகும் என்று அவர் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அந்தப் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்டார். லோவே வராது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தால் அந்த 66 எல்லாவற்றையும் உடைத்திருக்கும். இன்னொன்றும் கவனித்தார்: பொய்யாக வந்த பதினொன்றிலும் எழுதியது படபடப்பு, வியர்வை. நிஜமானதில் எழுதியது உதடு, எழுத்து. எல்லோருக்கும் இப்படிப் பிரிந்து தெரியாது, அவருக்குத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லோருக்கும் இதே வழி என்று யாராவது எடுத்துக்கொண்டால் ஆபத்து, அதனால் ஒன்று சொல்கிறேன். அடிக்கடி லோ வந்து வந்து, அறிகுறியே தெரியாமல் போனவர்கள் உண்டு. மீட்டரில் 48 காட்டும், ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். அவர்களிடம் பயம் இருந்தால் அது வேண்டிய பயம், அங்கே ஏணி நேர் எதிர்: இரண்டு மூன்று வாரமாவது ஒரு லோகூட வராமல் சர்க்கரையைக் கொஞ்சம் மேலே வைத்தால்தான் மணி மறுபடி அடிக்க ஆரம்பிக்கும். யார் எந்த வகை என்பதை ஊக நோட்டே காட்டிக்கொடுக்கும். ஊகம் எப்போதும் மீட்டரைவிடக் குறைவாக இருந்தால் டீச்சர் வகை. மீட்டர் 55 காட்டும்போது ஊகம் 120 என்று இருந்தால் ஏணியை மடக்கி வைத்துவிட்டு அன்றே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

ஹெச்பிஏ1சி 10.8-லிருந்து மூன்றாம் மாதம் 9.4, ஆறாம் மாதம் 8.3, ஒன்பதாம் மாதம் 7.6. அதற்குக் கீழே போக வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார், தனியாக இருக்கும் 58 வயதுக்காரருக்கு இது போதும். கண்ணில் கசிவு கூடவில்லை. கால் எரிச்சல் நடுவில் ஒரு மாதம் அதிகமாகிப் பிறகு தணிந்தது. கிரிவலம் இன்னும் போகவில்லை. கேட்டால் "பாக்கலாம்" என்கிறார். இரண்டு மணி அலாரத்தையும் அணைக்கவில்லை, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாராம், குத்துவதில்லை. நானும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

போன ஜூன் மாதம் வந்தபோது 7.6 என்பது 8.1 ஆகியிருந்தது. எனக்குச் சட்டென்று பழைய சந்தேகம் வந்துவிட்டது, மறைக்கத் தெரியவில்லை போலிருக்கிறது, நான் வாய் திறக்கும் முன்பே கைப்பையிலிருந்து கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். 75 நாளில் கிளார்ஜின் கார்ட்ரிட்ஜ் ஆறு. ஒன்றில் 300 யூனிட், நாளுக்கு 22 யூனிட், ஊசியைச் சோதித்துப் பார்க்கத் தள்ளும் 2 யூனிட். பெருக்கிப் பார்த்தேன், கணக்கு சரியாக வந்தது.

"மாம்பழம் சிஸ்டர்" என்றார். "சேலத்துல இருந்து தம்பி ரெண்டு கூடை அனுப்பிட்டான்."